திண்டுக்கல் அக்காவுக்கு, மன்னார்குடியிலேர்ந்து

அக்கா வணக்கம், வித்யா அம்மா பேசுறேன். போன்லயே சொல்லலாம்னு நம்பர் எடுத்தேன், பேச ஆரம்பிச்சா அழுதுருவேனோன்னு பயந்து இப்படி டைப் பண்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இந்த சம்பந்தம் வேணாம்னு வீட்ல முடிவு பண்ணிருக்கோம்க்கா. சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிட்டேன்.

அன்னிக்கு மாடில பேசினப்பவே கார்த்திக் தம்பி ஒளிவு மறைவில்லாம சொல்லிட்டாராம், கல்யாணம் ஆனதும் சிங்கப்பூர்ல கூடவே இருக்கணும்னு. அது நியாயம்தான், கட்டிக்கிட்டு ஆளுக்கொரு ஊர்ல இருக்கவா முடியும். ஆனா எங்க பொண்ணு டிஆர்பி எக்ஸாம் எழுதி எழுதி இப்பதான் திருத்துறைப்பூண்டி பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல சேந்திருக்கா, ப்ரொபேஷனே 2 வருஷம், அங்க போகணும்னா வேலைய எழுதிக் குடுத்துட்டுதான் போகணும். அவளுக்கு மனசு வரல. தம்பிய இங்க வரச் சொல்லிப் பாக்கலாமான்னு இவர் கேட்டார், நான்தான் வேணாம்னுட்டேன், நல்லா இருக்கிற வேலைய விட்டுட்டு வாங்கன்னு எந்த வாயால கேக்குறது, நாளைக்கு ரெண்டு பேருக்கும் அதுவே பேச்சாயிடும்.

ஜாதகம் சேரலன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருக்கலாம். பொருத்தம் பாத்துட்டுதானே வந்தீங்க, உங்ககிட்ட போயி அப்படிச் சொன்னா எனக்கே கேவலமா இருக்கும். ஆடி முடியட்டும்னு இழுத்துட்டும் இருக்கலாம், ஆனா நீங்க ஆவணில முடிக்கணும்னு இருக்கீங்க, எங்களால வேற நல்ல இடம் தட்டிப் போகக்கூடாது.

உங்க பக்கம் ஒரு கொறையும் இல்லக்கா, சத்தியமா. அவ்ளோ தூரம் வண்டி வச்சிக்கிட்டு பெரியவங்களையும் கூட்டிட்டு வந்தீங்க, அத்தை முட்டிவலியோட படியேறி வந்து வித்யா கையப் புடிச்சு வேலையப் பத்தியே கேட்டுட்டு இருந்தாங்க, வேற யாரும் அப்படிக் கேட்டதில்ல. கேசரில சக்கர தூக்கலா இருந்துச்சு, அதையும் நல்லாருக்குன்னு சாப்ட்டீங்க. அத்தைகிட்ட மட்டும் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.

தரகர்கிட்ட இவரே பேசிட்டார், வேலை விஷயமா ஒத்து வரலன்னு அது மட்டும்தான் சொல்லிருக்கோம், பையன் வீட்ல அது சரியில்ல இது சரியில்லன்னு எங்க வாயிலேர்ந்து வராது. சொந்தக்காரங்க கேட்டா நீங்களும் அதையே சொல்லிக்கலாம். தம்பி போட்டோ, ஜாதகம் எல்லாத்தையும் போன்லேர்ந்து அழிச்சிட்டோம், வித்யா போட்டோவும் அங்க யார்கிட்டயாவது இருந்தா அழிக்கச் சொல்லிடுங்கக்கா.

பழம் கொண்டு வந்த உங்க பித்தளைத் தூக்கு இங்கயே இருக்கு. அடுத்த வாரம் இவர் மதுரைக்கு வர்றார், வழியில எறங்கி குடுத்துட்டு அண்ணனையும் நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்னார், உங்களுக்கு சங்கடம்னா வேணாம், பார்சல்ல போட்டுடுறோம். எதுன்னு மட்டும் சொல்லுங்க. திட்டணும்னு தோணுச்சுன்னா போன் பண்ணியே திட்டுங்க, எடுக்குறேன்.