சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கும் வேலை குறித்து

வணக்கம் சார். சனிக்கிழமை ஸ்டாக் எடுக்க என் பெயரும் போட்டிருப்பதைப் பார்த்தேன். அன்று காலை 8 மணிக்கு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று வாரம் முன்பே தேதி வாங்கியது. கூட இருக்க என்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு கண்ணில் கட்டோடு அவரைத் தனியே விட மனம் வரவில்லை, அதனால் அன்று வர முடியாது சார்.

ஆள் குறைவு என்பது எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை இருந்து, என் பகுதி ரேக் இரண்டையும் எண்ணி ஷீட்டில் ஏற்றிவிடுகிறேன். சேதமான பெட்டிகளைத் தனியாக அடுக்கிச் சிவப்பு டேப் ஒட்டிவிடுகிறேன். சனிக்கிழமை வருபவர் மறுபடி எண்ண வேண்டியிருக்காது. அடுத்த வார ஞாயிறு ஆள் தேவைப்பட்டால் என்னைப் போடுங்கள், கட்டாயம் வருகிறேன்.