பச்சை நின்னு எரியோணும்

இடியோடு மழை அடித்ததில் மூன்று மணிக்குப் போன கரண்டு ஆறரைக்குத்தான் வந்தது. ஃபேன் சுற்றியது, ஃபிரிட்ஜ் உறுமியது, ராமாத்தாளின் டேப்லெட்டில் மட்டும் வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழு மணிக்கு ஷார்ஜாவிலிருந்து பேத்தி கூப்பிடுவாள், குழந்தை நேற்றுத்தான் குப்புற விழுந்திருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை, எல்லாரும் அன்னூரில் ஒரு சீருக்குப் போயிருந்தார்கள்.

பட்டன் போனை எடுத்துப் பேரனைக் கூப்பிட்டாள்.

"ஏஞ்சாமி, கரண்டு வந்துருச்சு, வைஃபை வல்லியே!"

"வந்து பாக்கறன் ஆத்தா."

"நீ வரதுக்கு எட்டு மணி ஆயிரும். சொல்லு, நானே பண்றன்."

"சரி. டிவிக்குப் பின்னாடி வெள்ளை டப்பா ஒண்ணு, கறுப்பு ஒண்ணு இருக்குதுங்களா? வெள்ளையில செவப்பு லைட்டு எரியுதா பாருங்க."

டிவியைத் தள்ளி, ஒட்டடையை முந்தானையால் வழித்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாள். "செவப்பு இல்ல. பச்சைதான்."

"அப்ப லைன் நல்லாருக்குது. செவப்பு எரிஞ்சா வயரு அந்திருக்கும், கேபிள்காரருக்குத்தான் சொல்லோணும். இப்ப ரெண்டு சுவிட்சையும் அமத்துங்க. கொஞ்ச நேரம் கழிச்சு மொதல்ல வெள்ளையப் போடுங்க. ரெண்டாவது லைட்டு மினுக்கும், அது நின்னு எரிஞ்சதுக்கப்புறம் கறுப்பு."

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டா என்ன?"

"வெள்ளை லைன் புடிக்கறக்குள்ள கறுப்பு எந்திரிச்சுக்கும் ஆத்தா. இந்தக் கறுப்பு பழசு. வெள்ளைகிட்ட ஒருக்கா நெட்டு கேட்டுப்போட்டு, கிடைக்கலீன்னா அப்படியே உக்காந்துக்கும்."

ராமாத்தாளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சோமனூரில் எட்டுத் தறி ஓட்டியவள் அவள், கரண்டு வந்ததும் எல்லாத் தறியையும் ஒண்ணாய்ப் போட்டால் ஃபீஸ் போய்விடும் என்று ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பழகிய கை. வரிசை என்றால் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெள்ளையைப் போட்டாள். ரெண்டாவது லைட்டு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவசரப்படாமல் டிவி மேசைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து அதையே பார்த்தாள், நின்று எரிந்தது, கறுப்பைப் போட்டாள். டேப்லெட்டில் ஆச்சரியக்குறி மறைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மணி அடித்தது. திரை முழுக்கக் குழந்தையின் கன்னம்.

பேசி முடித்ததும் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வெள்ளை டப்பாவின் சுவிட்சில் ஒட்டினாள். கறுப்பின் சுவிட்சுக்குக் கண்ணாடியில் இருந்து ரெண்டு பொட்டு.

அடுத்த வாரம் மறுபடியும் கரண்டு போய் வந்தது. அவசர மீட்டிங் என்று பேரன் ஓடிவந்து ரெண்டு சுவிட்சிலும் கை வைத்தான்.

"கையெடு சாமி," என்றாள் ராமாத்தாள், "ஒத்தப் பொட்டு மொதல்ல."