யாழ்ப்பாணத்தைச் சைக்கிளில் சுற்றிப் பாருங்கள்: மணிக்கு 150 ரூபாவிலிருந்து வாடகைக்குத் தருகிறோம்

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்குபவர்களுக்கும், மட்டக்களப்பு, மலையகம், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கும், லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டக் கூட்டி வருபவர்களுக்கும் இது. ஸ்ரான்லி வீதியில் எங்கள் கடை இருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். நீலக் கதவு, வாசலில் வேப்பமரம். காலை 5.30க்குத் திறந்து மாலை 7 மணிக்குப் பூட்டுவோம்.

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை, ஏற்றமும் இல்லை. பத்து வருடமாகச் சைக்கிள் தொடாதவரும் உழக்கலாம். இந்த ஊரை ஓட வைத்ததே சைக்கிள்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண வீடு எல்லாம் சைக்கிளில்தான். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். அப்பா அந்தக் காலத்தில் இதே கடையில் சைக்கிள் திருத்தினார். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது ஊர் மறுபடி சைக்கிளில் ஏறியது. அதற்குப் பிறகுதான் நாங்கள் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினோம்.

வாடகை

சாதாரண சைக்கிள் (ஆண், பெண் இரண்டு வகையும் உண்டு, முன்னால் கூடை, பின்னால் கரியர்): மணிக்கு 150 ரூபா. அரை நாள், அதாவது ஐந்து மணித்தியாலம், 500 ரூபா. முழு நாள் 800 ரூபா.

கியர் சைக்கிள்: மணிக்கு 250, அரை நாள் 850, முழு நாள் 1,300 ரூபா.

சிறுவர் சைக்கிள்: மணிக்கு 100, முழு நாள் 500 ரூபா. கரியரில் பூட்டும் குழந்தை இருக்கை நான்கு உண்டு, நாளுக்கு 200 ரூபா. முதல் நாளே சொல்லி வைத்தால் நல்லது.

மூன்று நாளுக்கு மேல் எடுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபா குறைப்போம். குறைந்தது ஒரு மணித்தியாலம். பதினைந்து நிமிடம் பிந்தினால் காசு கேட்க மாட்டோம். அதற்கு மேல் போனால் அடுத்த மணியாகக் கணக்கு. இரவு வைத்திருக்க விரும்பினால் முழு நாள் வாடகையே போதும், ஆனால் சைக்கிளை விடுதி வளவுக்குள் விட வேண்டும். றோட்டில் விட வேண்டாம்.

பூட்டு, திறப்பு, பம், ஒட்டுப் பெட்டி எல்லாம் வாடகைக்குள் அடங்கும்.

முற்பணம்

சாதாரண சைக்கிளுக்கு 5,000 ரூபா, கியர் சைக்கிளுக்கு 10,000 ரூபா. ஒரே குடும்பமாக நான்கு சைக்கிள் எடுத்தால் மொத்தமாக 15,000 போதும். காசாகத் தரலாம், வங்கிக்கும் அனுப்பலாம். பற்றுச்சீட்டு எழுதித் தருவோம். திருப்பித் தரும்போது அந்த இடத்திலேயே முழுப் பணமும் கையில்.

அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ நாங்கள் வாங்கி வைப்பதில்லை. பார்த்து இலக்கத்தைக் குறித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். வெளியூரில் நிற்கும் ஒருவருடைய கடவுச்சீட்டு இன்னொருவரின் மேசை லாச்சிக்குள் கிடப்பது சரியில்லை. வழியில் யாராவது மறித்துக் கேட்டாலும் அது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

முற்பணத்தில் எதற்குக் கழிப்போம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரியூப் ஓட்டையானால் கழிப்பதில்லை. இந்த ஊரில் நெருஞ்சி முள்ளுக்கு யார் பொறுப்பு! ரயர் தேய்வு, செயின் கழலுவது, பிரேக் கட்டை தேய்வது எல்லாம் எங்கள் பாடு. றிம் வளைந்தால் 2,500, பூட்டோ திறப்போ தொலைந்தால் 800 ரூபா. பூட்டாமல் விட்டுச் சைக்கிள் களவு போனால் முற்பணம் முழுவதும் போகும். ஆகவே கோயில் வாசலானாலும் பூட்டுங்கள். எடுக்கும்போது சைக்கிளைச் சுற்றி நீங்களே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பு வராது.

ஹெல்மெற்

ஹெல்மெற் இலவசம். எல்லா அளவிலும் உண்டு, சிறுவருக்கும் உண்டு. திரும்பி வந்ததும் துடைத்து வெய்யிலில் காய வைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுப்போம். உள்ளே போட மெல்லிய பருத்தித் துணியும் தருவோம்.

பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டாயம். தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலம், காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி ஆகிய மூன்று பக்கமும் போகிறவர்கள் எந்த வயதானாலும் போட வேண்டும். போட விருப்பமில்லை என்றால் அந்தப் பாதைகளுக்குச் சைக்கிள் தர மாட்டோம். வாடகை போனாலும் பரவாயில்லை. நகருக்குள்ளே மட்டும் ஓடும் பெரியவர்களை வற்புறுத்துவதில்லை, ஆனால் போடச் சொல்லிக் கேட்போம்.

‘மோட்டார் சைக்கிளுக்குத்தானே ஹெல்மெற், இதுக்கு ஏன்?’ என்று கிழமைக்கு ஒருவராவது கேட்கிறார். என் தம்பி ஒரு ஒழுங்கைக்குள் மெதுவாகத்தான் வந்தான். வேலிக்குள்ளால் ஆட்டுக்குட்டி ஒன்று பாய்ந்தது. பிரேக் பிடித்தான், முன்சில்லு மணலில் சறுக்கியது, தலை மதிலில் அடித்தது. பதினொரு தையல். மூன்று நாள் அம்மா ஆஸ்பத்திரி வாங்கிலேயே இருந்தா. பக்கத்தில் வாகனம் எதுவும் இல்லை, வேகமும் இல்லை. அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறோம்.

எங்கே போகலாம்?

முதல் தரம் வருபவர்கள் நகரைச் சுற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம் போதும். கடையிலிருந்து பொது நூலகத்துக்குப் போங்கள். 1981 இல் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்களும் ஏடுகளும் அழிந்தன. இப்போது நிற்பது திரும்பக் கட்டியெழுப்பியது. உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் போடாமல் பாருங்கள். அங்கிருந்து கோட்டை கிட்ட. போர்த்துக்கேயர் கட்டியது, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தது. சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு மதில் மேல் நடங்கள்.

கோட்டையிலிருந்து கடற்கரை வீதியைப் பிடித்துக் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை என்று ஓடுவதுதான் எனக்குப் பிடித்த துண்டு. காலை ஆறரைக்கு முன் போனால் வள்ளங்கள் கரைக்கு வரும், வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள், சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வலை காயப் போட்டிருந்தால் அதன் மேல் சைக்கிளை ஏற்ற வேண்டாம். திரும்பும்போது சுண்டிக்குளி, பழைய பூங்கா வழியாக வாருங்கள். மர நிழல் உண்டு.

நல்லூருக்குத் தனியாக ஒரு காலை வேண்டும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், ஆகவே காசுப்பையை வைக்க ஒரு சின்னப் பை கொண்டு போங்கள். கோயிலோடு திரும்பிவிடாமல் முத்திரைச் சந்திப் பக்கம் போனால் யாழ்ப்பாண அரசர் காலத்தை நினைவூட்டும் சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை, ‘ப’ வடிவில் வெட்டிய யமுனா ஏரி மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. வாகனத்தில் வருபவர்கள் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆவணி மட்டில் வரும் 25 நாள் திருவிழாவில் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவார்கள். சைக்கிளைத் தூரத்திலேயே விட்டு நடக்க வேண்டும்.

நீண்ட தூரம் ஓட ஆசை என்றால் பருத்தித்துறை வீதியால் இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் கடந்து நிலாவரைக் கிணறு. ஒரு பக்கம் பதினைந்து கிலோமீற்றர் மட்டில். நீர்வேலியில் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், செம்மண். நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கோப்பாய்க்குப் பிறகு பஸ்கள் வேகமாக ஓடும், ஓரத்தோடு ஓடுங்கள்.

கீரிமலைக்கு இருபது கிலோமீற்றர். காங்கேசன்துறை வீதியால் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று நேர் வழி. கியர் சைக்கிள், முழு நாள் எடுங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர்க் கேணி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாற்றுடுப்பு கொண்டு போங்கள். சுன்னாகத்தில் கந்தரோடைப் பக்கம் திரும்பிச் சிறிய தாதுகோபங்களையும் பார்க்கலாம். வடக்கே இராணுவ வேலியோ அறிவிப்புப் பலகையோ கண்டால் படம் எடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

பண்ணைப் பாலம் பற்றி

எல்லாரும் கேட்பது இதைத்தான், நாங்கள் அதிகம் யோசிப்பதும் இதற்குத்தான். பண்ணையால் கடலுக்கு நடுவே ஓடி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் கடந்து சாட்டிக் கடற்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் மட்டில். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், சிறகுவலைக் கம்புகள், தூரத்தில் கொக்கும் நாரையும். காரில் ஐந்து நிமிடத்தில் கடந்தால் இதில் ஒன்றும் மனதில் நிற்காது.

ஆனால் பாலத்தில் நிழல் கிடையாது. காற்றுத்தான் எல்லாம். சோளகக் காலத்தில், வைகாசியிலிருந்து ஆவணி வரை, போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். கஷ்டம் முதலில், சுகம் பிறகு. வாடைக் காலத்தில் இது தலைகீழ். போகும்போது பறப்பது போல இருக்கும், ‘புங்குடுதீவு மட்டும் போவமே’ என்று தோன்றும். திரும்பும்போதுதான் களைத்த காலோடு எதிர்க்காற்றில் உழக்க வேண்டும். ஆகவே வாடையில் சாட்டியோடு திரும்பிவிடுங்கள். நயினாதீவு, நெடுந்தீவு போகிறவர்கள் படகு புறப்படும் குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் போவதே நல்லது. வெய்யிலில் அவ்வளவு தூரம் உழக்கிப் படகைத் தவற விட்டால் நாளே போய்விடும்.

தீவுப் பக்கம் குடிதண்ணி கஷ்டம். ஆளுக்கு இரண்டு லீற்றராவது கொண்டு போங்கள். கடையில் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம், காசு இல்லை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் திரும்புவது உத்தமம், அல்லது மூன்றரைக்குப் பிறகு. மாலையில் போகிறவர்கள் இருட்டுமுன் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். எல்லாச் சைக்கிளிலும் லைற் உண்டு, ஆனாலும் இருட்டில் பாலம் வேண்டாம்.

வழியில் காற்றுப் போனால் பதற வேண்டாம். சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை இருக்கிறது, ஒட்டுப் போட்ட காசை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பாலத்திலோ தீவிலோ நின்றுவிட்டால் பூட்டிலுள்ள தகட்டில் எங்கள் இலக்கம் இருக்கிறது, எடுங்கள். லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்திலாவது வந்து ஏற்றிக்கொண்டு வருவோம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்து ஊற்றும். அன்று வெளிக்கிட முடியாமல் போனால் வாடகை வாங்க மாட்டோம், வேறு நாளுக்கு மாற்றித் தருவோம். எட்டுப் பேருக்கு மேல் வருவதாக இருந்தால் இரண்டு நாளுக்கு முன் இங்கே ஒரு செய்தி போடுங்கள். ஆட்களின் உயரத்தையும் எழுதுங்கள், சீற்றைச் சரிப்படுத்தி, காற்று அடித்து, வேப்பமரத்தடியில் நிறுத்தி வைத்திருப்போம்.