ஒற்று மிகும் இடம், மிகாத இடம்: ஞாயிறு வகுப்புச் சுருக்கம்

பெங்களூருவில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்த உங்களுக்காக இந்தச் சுருக்கம். விதி, விலக்கு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு என்பதுதான் ஏற்பாடு. வகுப்பில் சொன்ன மற்ற எடுத்துக்காட்டுகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒரு விதிக்குப் பத்து தந்தால் பத்தையும் மனப்பாடம் செய்வீர்கள், விதி நழுவிவிடும்.

முதலில் எல்லையைப் போட்டுக்கொள்வோம். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் மட்டுமே ஒற்று மிகும். ட, ற இரண்டும் வல்லினம்தான் என்றாலும் தமிழ்ச் சொல் எதுவும் அவற்றில் தொடங்காது. 'டாக்டர்', 'டிக்கெட்' போன்ற வரவுகளுக்கு முன்னால் ஒற்றுப் போட வேண்டாம். அடுத்த சொல் 'மரம்', 'வீடு', 'நாய்' என்றிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மேலே போய்விடலாம்.

உயிரில் முடியும் சொல்லுக்குப் பின் கசதப வந்தால் மிகும் என்பது நன்னூலின் பொதுவிதி. வேறு விதி தனியாகச் சொல்லப்படாத இடங்களில்தான் இது செல்லும் என்ற வரம்பும் அந்த நூற்பாவிலேயே இருக்கிறது. நடைமுறையில் அந்தத் தனி விதிகள்தான் உங்களை அலைக்கழிக்கும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முதலில் நிற்கும் சொல் அங்கே என்ன வேலை செய்கிறது?

சுட்டும் வினாவும்

விதி: அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின் மிகும்.
எ-டு: அந்தப் பையன்.

விதி: அப்படி, இப்படி, எப்படி, அங்கு, இங்கு, எங்கு ஆகியவற்றின் பின்னும் மிகும்.
எ-டு: எப்படிச் சொன்னாய்?

விலக்கு: அது, இது, எது, அவை, இவை, எவை ஆகியவற்றின் பின் மிகாது.
எ-டு: அது பெரிது.

இந்த விலக்குக்குக் காரணம் உண்டு. 'அது பெரிது' என்பதில் 'அது' எழுவாய். எழுவாய்க்குப் பின் ஒற்று மிகுவதில்லை. 'தம்பி படித்தான்' என்பதை யாரும் 'தம்பிப் படித்தான்' என்று எழுதுவதில்லை அல்லவா?

விலக்கு: அவ்வளவு, அத்தனை, அவ்வாறு, அப்போது, இவற்றின் இகர, எகர இணைகள் ஆகியவற்றின் பின் மிகாது.
எ-டு: எவ்வளவு கொடுத்தாய்?

'அப்படி'யும் 'அவ்வாறு'ம் ஒரே பொருள்தான். ஆனால் ஒன்றின் பின் மிகும், மற்றதன் பின் மிகாது. இந்த இரண்டையும் மட்டும் அப்படியே நெட்டுருப் போட்டுவிடுங்கள்.

வேற்றுமை உருபுகள்

விதி: இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்படையாக வந்தால் மிகும்.
எ-டு: பாலைக் குடித்தான்.

விதி: நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' வெளிப்படையாக வந்தால் மிகும்.
எ-டு: கடைக்குப் போனான்.

விலக்கு: பிற உருபுகளுக்குப் பின் மிகாது.
எ-டு: அம்மாவோடு பேசினான்.

விலக்கு: 'ஐ' மறைந்து நின்றால் மிகாது.
எ-டு: கீரை கடைந்தாள்.

கடைசி விலக்கில் சற்று நிற்போம். 'கீரை கடைந்தாள்' என்றால் கீரையைக் கடைந்தாள். மறைந்திருப்பது உருபு மட்டும்தான். 'கீரைக்கடை' என்றால் கீரையை விற்கும் கடை. அங்கே 'ஐ' என்ற உருபோடு 'விற்கும்' என்ற சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. இப்படி உருபும் அதன் பயனும் ஒருங்கே மறைந்தால் ஒற்று மிகும். பெயர்ப்பலகையில் ஒற்றை விட்டு 'கீரை கடை' என்று எழுதினால், வருகிறவரிடம் மத்தைக் கொடுத்துக் கடையச் சொல்வதாகிவிடும். நம் ஊரில் அப்படிப்பட்ட பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

வினையெச்சம்

உங்கள் கட்டுரைகளில் பெரும்பாலான திருத்தங்கள் இங்கேதான் விழுகின்றன. முற்றுப் பெறாமல், இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கும் சொல்தான் வினையெச்சம். அது எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள்.

விதி: இகரத்தில் முடிந்தால் மிகும்.
எ-டு: ஓடிப் போனான்.

விதி: 'செய' என்ற வடிவில் அகரத்தில் முடிந்தால் மிகும்.
எ-டு: சொல்லச் சொன்னான்.

விதி: 'ஆய்', 'போய்' என்பவற்றின் பின் மிகும்.
எ-டு: போய்ச் சேர்ந்தான்.

விதி: உகரத்தில் முடிந்து, அந்தக் கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின மெய் நின்றால் மிகும்.
எ-டு: கேட்டுக் கொண்டான்.

விலக்கு: அதே இடத்தில் மெல்லின மெய் நின்றால் மிகாது.
எ-டு: வந்து போனான்.

விலக்கு: இடையின மெய் நின்றாலும் மிகாது.
எ-டு: செய்து கொடுத்தான்.

விலக்கு: மெய்யே இல்லாமல் உயிர்மெய் நின்றாலும் மிகாது.
எ-டு: அழுது தீர்த்தான்.

இலக்கண நூல்கள் இவற்றை வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் என்று பிரிக்கும். பெயர்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இப்போதைக்குச் சொல்லின் கடைசி எழுத்தை விரலால் மூடுங்கள். 'கேட்டு' என்பதில் 'டு'வை மூடினால் 'ட்' தெரியும். அது வல்லினம், ஒற்றுப் போடுங்கள். 'வந்து' என்பதில் 'து'வை மூடினால் 'ந்' தெரியும். அது மெல்லினம், விட்டுவிடுங்கள். 'என்று கேட்டான்' சரி, 'எனக் கேட்டான்' என்பதும் சரி. 'என்று' ஏன் ஒற்றை ஏற்காது என்பதை விரல் சொல்லிவிடும்; 'என' என்பதோ அகரத்தில் முடியும் எச்சம்.

விலக்கு: 'படி' சேர்ந்த எச்சத்தின் பின் மிகாது.
எ-டு: சொன்னபடி செய்தார்.

'எப்படி'யில் உள்ள 'படி'யோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் கணக்கு முதல் பிரிவிலேயே முடிந்துவிட்டது.

பெயரெச்சம்

விதி: பெயரைத் தழுவி நிற்கும் எச்சத்தின் பின் மிகாது.
எ-டு: வந்த பையன்.

விலக்கு: கடைசி எழுத்தாகிய 'த' கெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்.
எ-டு: அழியாப் புகழ்.

'அழியாத புகழ்' என்று முழுதாக எழுதினால் ஒற்று வேண்டாம்.

'அந்தப் பையன்', 'வந்த பையன்' இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். காதுக்கு ஒரே அச்சு. ஆனால் 'அந்த' சுட்டு, 'வந்த' பெயரெச்சம். இந்த ஓசை மயக்கத்தில்தான் 'பெரியப் பையன்', 'நல்லக் காலம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். 'பெரிய', 'நல்ல' இரண்டும் பெயரெச்சமே, ஒற்றுக்கு அங்கே வேலையில்லை. விடுபட்ட ஒற்றைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், வேண்டாத இடத்தில் திணித்த ஒற்று கண்ணை உறுத்துகிறது. ஒற்று நிறைய இருந்தால் தமிழ் செந்தமிழாகிவிடும் என்ற எண்ணம் சிலருக்கு இருக்கிறது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அகரத்தில் முடியும் எச்சத்தைக் கண்டால், அது ஒரு பெயரை அடைமொழியாகத் தழுவுகிறதா, ஒரு செயலை நோக்கிப் போகிறதா என்று பாருங்கள். தழுவினால் மிகாது, செயலை நோக்கினால் மிகும்.

தொகைகள்

விதி: பண்புத்தொகையில் மிகும்.
எ-டு: பச்சைப்பட்டு.

விதி: சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் ஒட்டி நிற்கும் இருபெயரொட்டில் மிகும்.
எ-டு: மல்லிகைப்பூ.

விலக்கு: வினைத்தொகையில் மிகாது.
எ-டு: ஊறுகாய்.

விலக்கு: 'உம்' மறைந்த உம்மைத்தொகையில் மிகாது.
எ-டு: இரவு பகல்.

கன்னடம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. கன்னடத்தில் 'மளெ'யும் 'கால'வும் சேரும்போது ககரம் மெலிந்து ஒலிக்கும், எழுத்தும் மாறும். பள்ளியில் 'ஆதேச சந்தி' என்று படித்திருப்பீர்கள். தமிழில் அதே இரண்டு சொற்கள் சேர்ந்தால் 'மழைக்காலம்'. அங்கே மெலிகிற எழுத்து இங்கே இரட்டிக்கிறது. கன்னடத்தில் மெலியும் இடத்தைக் கண்டால் தமிழிலும் ஏதோ நடக்கும் என்று சந்தேகப்படுங்கள், அது வசதி. உச்சரிப்பை அப்படியே கொண்டுவந்து 'மழைகாலம்' என்று எழுதிவிடாதீர்கள், அது ஆபத்து.

எண்கள், 'கள்' விகுதி, சில்லறை

விதி: எட்டு, பத்து ஆகியவற்றின் பின் மிகும்.
எ-டு: எட்டுத்தொகை.

விலக்கு: ஒன்று முதல் பத்து வரையுள்ள மற்ற எண்ணுப்பெயர்களுக்குப் பின் மிகாது.
எ-டு: ஆறு படங்கள்.

விதி: 'கள்' விகுதிக்கு முன் மிகாது.
எ-டு: வாழ்த்துகள்.

விலக்கு: 'பூ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொல்லோடும், 'பசு', 'தெரு' போன்ற முற்றியலுகரச் சொல்லோடும் 'கள்' சேர்ந்தால் மிகும்.
எ-டு: பூக்கள்.

'வாழ்த்துக்கள்' என்று எழுதினால் வாழ்த்தோடு கள்ளும் பரிமாறுவதாக அர்த்தம் என்று கேலி செய்வார்கள். கேலியை விடுங்கள். 'வாழ்த்துக்கள்' என்று எழுதும் நல்ல எழுத்தாளர்களும் உண்டு, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். நம் வகுப்பில் 'வாழ்த்துகள்' என்றே எழுதுவோம்.

மிச்சம் இரண்டே இரண்டு. வியங்கோளுக்குப் பின் மிகாது: வாழ்க தமிழ். வினா எழுத்தாகிய ஆகாரத்தில் முடிந்தாலும் மிகாது: அவனா செய்தான்?

பயிற்சி

கீழே உள்ள வாக்கியத்தில் ஒற்றுகளை எடுத்துவிட்டிருக்கிறேன். விடையைப் பார்க்கும் முன் நீங்களே போடுங்கள். ஒவ்வோர் ஒற்றுக்கும் பக்கத்தில் விதியையும் எழுத வேண்டும்.

அந்த கடைக்கு போய் கீரை வாங்கி கொண்டு வந்த தம்பி, "எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்ட பாட்டியிடம் பத்து காசும் மீதி தராமல் ஓடி போனான்.

விடை: அந்தக் கடைக்குப் போய்க் கீரை வாங்கிக் கொண்டு வந்த தம்பி, "எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்ட பாட்டியிடம் பத்துக் காசும் மீதி தராமல் ஓடிப் போனான்.

'வந்த தம்பி', 'கேட்ட பாட்டி' இரண்டும் பெயரெச்சம், எனவே ஒற்று இல்லை. 'என்று' மென்தொடர். 'மீதி தராமல்' என்ற இடத்தில் பலர் தடுமாறுவீர்கள். அது 'மீதியைத் தராமல்' என்று விரியும். 'ஐ' வெளியே வந்தால் ஒற்றும் கூடவே வரும், இங்கே 'ஐ' மறைந்திருப்பதால் வராது.