ஓராண்டு, 11,400 கிலோமீட்டர்: 3 கிலோவாட் மணி மின்சார ஸ்கூட்டர்

ஒரு முழு சார்ஜுக்குக் கம்பெனி சொன்னது 120 கி.மீ. ஈகோ மோடில் 40 வேகத்தில் தனியாக ஓட்டினால் 85. பின்னால் ஆள் ஏறி, ரிங் ரோட்டில் 60ஐத் தொட்டால் 65தான். வேகம் கூடக்கூடக் காற்றுத்தடை சார்ஜைத் தின்றுவிடும். டயரில் காற்று குறைந்தாலும் அடி விழும். திருமங்கலம்–மாட்டுத்தாவணி போய்வரத் தாராளம்.

750 வாட் சார்ஜரில் முழு சார்ஜுக்கு 5 மணி நேரம், சுமார் 3.4 யூனிட். 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் அவசியம். லூஸ் சாக்கெட் சூடேறி உருகும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியை அரை மணி ஆறவிட்டே சார்ஜ் போடுங்கள்.

சர்வீஸ்தான் பெரிய குறை. பிரேக் பேட் அன்றே கிடைத்தது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வர 19 நாள். இது ஏற்கவே முடியாதது.

விற்கும்போது பேட்டரி ஆரோக்கிய அறிக்கையும், வாரண்டி அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்பதுமே விலையைத் தீர்மானிக்கும். வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.