தும்பிக்கை வைத்த லை

"என்னைத் தெரியுதுங்களா ஐயா?"

வாசலில் நின்றவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முன்வழுக்கை, கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை. வாத்தியார் உற்றுப் பார்த்தார். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரே முகம்தான். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகள் குனிந்து எழுத, அவர் பார்த்ததெல்லாம் உச்சந்தலையும் நோட்டும்.

"உக்காருப்பா. ஒரு வரி எழுது" என்று நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, தன் மைப்பேனாவையும் கொடுத்தார். "மலை மேல் மழை, யானை தலை நனைந்தது."

வருகிறவர்களுக்கெல்லாம் இதே வரிதான். ழகரத்தின் வால் எவ்வளவு தூரம் இறங்குகிறது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வட்டமா வெறும் குத்தா என்பதெல்லாம் இதில் வந்துவிடும். முக்கியமாக லையும் னையும் நான்கு இடத்தில் வரும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருகிறவரை இந்த இரண்டுக்கும் முன்னால் தனிக் கொம்பு கிடையாது. எழுத்தின் தலையிலேயே தும்பிக்கை மாதிரி ஒரு சுழி ஏறும். அதை வைத்தே ஆளின் வயதைச் சொல்லிவிடுவார்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தபோது வரி முடிந்திருந்தது.

பார்த்ததும் சிரித்துவிட்டார். நான்கு இடத்திலும் தும்பிக்கை. தகரத்தின் வயிறு சற்றே ஒடுங்கி, வரி முழுக்க நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. படுக்கைக் கோடுகளின் இடது முனையில் மை தேங்கி நின்றது. 'நனைந்தது' மேல் லேசான இழுப்பு.

"செல்வராசு! ஏழாம் வகுப்பு, 84. கையெழுத்துப் பரிசு உனக்குத்தானே கொடுத்தேன்? ஒரே குறை, உனக்குக் கை வேர்க்கும். வீட்டுப்பாடம் பூரா மை இழுவியிருக்கும். அதுக்கு அரை மார்க் குறைப்பேன். வகுப்புல புது லை போடுவே, வீட்டுக்குப் போனா பழைய லை. பாட்டி யாரோ சொல்லிக்குடுக்கிறாங்கன்னு நினைச்சுக்குவேன்."

வந்தவர் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பாட்டிதாங்க ஐயா. ஆனா என் பாட்டி. நான் முருகேசன். செல்வராசு என் பக்கத்துல உக்காருவான்."

"முருகேசனா?" அந்தப் பெயருக்கு வாத்தியாரிடம் வேறு எழுத்து இருந்தது. கோட்டுக்கு மேலும் கீழும் தத்தும் எழுத்து. தாளின் மறுபக்கம் தடவினால் விரலில் தட்டுகிற அளவுக்கு அழுத்தம்; ழகரத்தில் நிப்பு குத்தி ஓட்டை விழும். "அவன் எழுத்து கோழி கிளறின மாதிரியில்ல இருக்கும்?"

முருகேசன் தாளை இழுத்து, பேனாவை வலது கைக்கு மாற்றி, அதே வரியை அடியில் எழுதினார். நேரமானது. தோளே எழுதுகிற மாதிரி இருந்தது. லை, னை நான்கும் புது எழுத்து. ழகரத்தில் தாள் கிழிந்தது.

"இது நீங்க பழக்கினது" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. "ஆறாவது சேர்ந்த அன்னைக்கே இடது கையைப் பெஞ்சுக்கு அடியில வைக்கச் சொல்லிட்டீங்க. வீட்டுல இடது கையாலதான் எழுதுவேன். செல்வராசு நோட்டைக் குடுத்துட்டு விளையாடப் போயிருவான். என் நோட்டை மட்டும் வலது கையால எழுதிக்கிட்டு வருவேன், நீங்க பார்த்துருவீங்கன்னு."

வாத்தியார் இரண்டு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது முனையில் மை. வலது கைக்காரன் படுக்கைக் கோட்டை இடமிருந்து வலமாக இழுப்பான், பேனா நிற்கிற வலது முனையில்தான் மை தேங்கும். இவன் வலமிருந்து இழுத்திருக்கிறான். இழுவலும் வேர்வை இல்லை. இப்போதுதான் எழுதிய சொல்லின் மேலேயே உள்ளங்கை நகர்ந்து போயிருக்கிறது. ஒரு வருஷம் முழுக்கத் தினமும் ஒரு நோட்டு, கண்ணுக்கு நேரே.

"பரிசு என்ன கொடுத்தேன்?"

"மைப்பேனா ஐயா. அவன் ரெண்டு நாளுல தொலைச்சுட்டான்."

உள்ளே பால் பொங்குகிற சத்தம் கேட்டது. வாத்தியார் எழுந்திருக்கவில்லை.

"பத்திரிகையில என் பேரே எழுதலையேப்பா."

"இங்க வந்து எழுதிக்கலாம்னு..." முருகேசன் பேனாவை எடுத்தார். எந்தக் கையில் என்று ஒரு நொடி தயங்கினார். பிறகு இடது கைக்கு மாற்றி, மணிக்கட்டை மேலே வளைத்து, எழுத்துக்குத் தலைகீழாகக் கையைக் கொண்டுபோனார்.

"இரு, இரு."

வாத்தியார் பத்திரிகை உறையின் மேல் ஓரம் வலப்பக்கம் சாய்கிற மாதிரித் திருப்பி வைத்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து வரிக்குக் கீழே இறக்கினார்.

"இப்ப எழுது. கை கீழேயே இருக்கட்டும். மை மேல படாது."