படமும் பாஸ்வேர்டும்: சனிக்கிழமை விளையாட்டுத் தாள்

போனிலும் நெட்டிலும் படத்தையும் பாஸ்வேர்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளப் பழக்கும் விளையாட்டுகள். நம் தெரு நூலகப் பிள்ளைகள் 14 பேருக்கு, 9 முதல் 12 வயது. நேரம் ஒரு மணி. தேவை: சாக்பீஸ், துண்டுச் சீட்டுகள், சார்ட்டில் ஒட்டிய ஒரு பெரிய போட்டோ.

நடத்தும் அக்கா அல்லது அண்ணாவுக்கு ஒரே வேண்டுகோள். பேப்பரில் வந்த கடத்தல் செய்தி, மோசடிக் கதை எதுவும் வேண்டாம். திட்டு விழும் என்று பயந்த பிள்ளை, நாளைக்கு ஏதாவது நடந்தால் நம்மிடம் சொல்லாது. "உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்றும் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள்.

துப்பறியும் படம்

போட்டோவில் பிள்ளைகள் யாரும் இருக்கக் கூடாது. நம் முத்து அண்ணாவே பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நிற்கட்டும்.

சொல்ல வேண்டியது: "இந்த அண்ணா யாரென்றே உங்களுக்குத் தெரியாது. படத்தை மட்டும் பார்த்து என்னென்ன கண்டுபிடிக்கலாம்? மூன்று நிமிடம்."

வண்டி நம்பர், பையில் பள்ளிப் பெயர், கதவு எண், பின்னால் மளிகைக் கடை போர்டு. போன முறை ஒரு வாண்டு, நிழலைப் பார்த்து மணி என்ன என்று சொன்னான்! பட்டியல் முடிந்ததும்: "சரி, படமும் நல்லா இருக்கணும், இதெல்லாம் தெரியவும் கூடாது. அண்ணாவை எங்கே நிறுத்துவீர்கள்?" அவர்களே இடம் பார்த்து மறுபடி எடுக்கட்டும்.

கதிரின் பூட்டு

வாசித்துக் காட்டுங்கள்: "கதிர் 2014இல் பிறந்தான். நாய்க்குப் பெயர் மணி. பிரியாணி என்றால் உயிர். அவன் கேம் ஐடியின் பாஸ்வேர்டு என்னவாக இருக்கும்?"

mani2014 என்று யாராவது கத்தாமல் இருக்க மாட்டார்கள். அடுத்த கேள்வி: "நாலு இலக்கப் பின் நம்பர் மொத்தம் எத்தனை வரும்?" கணக்குப் புலிகள் 10,000 என்பார்கள். "ஆறு இலக்கம் என்றால்?" பத்து லட்சம். பிறந்த வருஷத்தை வைத்தால் இவ்வளவும் வீண் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

பிறகு ஒவ்வொருவரும் சம்பந்தமே இல்லாத நாலு சொற்களைக் கோர்க்க வேண்டும். தோசை, ரயில், குடை, நிலா: dosairailkudainila. எவ்வளவு கிறுக்காக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடைசியில் சொல்லுங்கள்: "இங்கே சத்தமாகச் சொன்னது எதையும் வைத்துக்கொள்ளாதீங்க. வீட்டுக்குப் போய் புதுசா ஒன்று யோசிங்க. அம்மா அப்பாவுக்குத் தெரியலாம், உயிர்த்தோழனுக்கு வேண்டாம்."

மூன்று கோடு

தரையில் மூன்று கோடு: சரி, யோசிக்கணும், வேண்டாம். சீட்டை வாசித்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் நிற்க வேண்டும். அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள்.

"பாட்டி போனுக்கு ஓடிபி வந்திருக்கு. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்கிறவர் கேட்கிறார்."

"கேமில் பழக்கமான அண்ணா, பாஸ்வேர்டு கொடு, டைமண்ட் ஏற்றித் தருகிறேன் என்கிறான்."

"டூரில் நீ வாயைப் பிளந்து தூங்கிய படத்தை ஃபிரண்ட் கிளாஸ் குரூப்பில் போட்டுவிட்டாள். எல்லாரும் சிரிக்கிறார்கள்."

"உன்னைக் கேட்காமலே உன் படத்தை அம்மா ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்."

முதல் இரண்டு சட்டென்று முடிந்துவிடும். மூன்றாவதில் கூட்டம் பிரியும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். "நீ எடுத்த படமாக இருந்தால் எங்கே நிற்பாய்? அவள் முதலில் கேட்டிருந்தால்?" என்று மட்டும் கேட்டு, கோடு மாற விடுங்கள். அழித்தாலும் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம் என்பதை ஒரு பிள்ளையாவது சொல்லும். நாலாவது சீட்டுக்கு வீட்டில் சண்டை வரலாம், வரட்டும். பெற்றோரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நடுவிலோ முடிந்த பிறகோ ஒரு பிள்ளை தனியாக வந்து எதையாவது சொன்னால்: "என்கிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. உன் மேல தப்பே இல்ல. அடுத்து என்ன செய்யலாம்னு சேர்ந்து பார்ப்போம்." ஏன் அனுப்பினாய் என்று கேட்கவே கூடாது. ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால், வந்த மெசேஜை அழிக்காமல் அன்றைக்கே என்னிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் புகாருக்கு 1930.

நழுவும் போட்டி

இருவர் இருவராக. ஒருவர் போட்டோ கேட்டு நச்சரிக்க, மற்றவர் சண்டை போடாமல் நழுவ வேண்டும். "எங்கம்மாகிட்ட கேட்கணும், அவங்க அனுமார் மாதிரி பாய்வாங்க" என்று பழியை வீட்டார் மேல் தாராளமாகப் போடலாம். அதிகம் சிரிக்க வைத்த ஜோடிக்கு எள்ளுருண்டை, மற்றவர்களுக்கும் எள்ளுருண்டைதான்.